திருத்தம் எங்கே போய் உட்காருகிறது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல குடும்பங்களுக்கு வயலும் தோப்பும் கேரளத்தில் இருக்கும், பிள்ளைகளின் வேலையும் வங்கிக் கணக்கும் பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருக்கும். வீட்டில் பேசுவது தமிழ். கிராம அலுவலகம் தருகிற காகிதம் மலையாளம். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போனதும் அந்தக் காகிதத்தைப் படிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். அதைத் தமிழாக்கித் தருகிற வேலையைத்தான் நான் செய்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். வரி ரசீதில் ‘நிலம்’ என்று இருந்தது, நானும் ‘நிலம்’ என்றே எழுதிவிட்டேன். கடன் கேட்ட இடத்தில் காகிதங்களைப் பார்த்த வக்கீல் போனில் கூப்பிட்டு, “இது வயலுங்களா, மனையுங்களா?” என்றார். அப்போதுதான் உறைத்தது. கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல்வயல். மேட்டில் வீடும் தோட்டமுமாக இருப்பது ‘புரயிடம்’. 2008இல் வந்த நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நினைத்தபடி மனையாக மாற்ற விடாது. அதனால் கடன் கொடுப்பவருக்கு இந்த ஒரு சொல் ரொம்ப முக்கியம். தமிழில் அதை ‘நஞ்செய்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

இப்படி முகம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கிற சொற்கள் இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவே நிறைய உண்டு. மலையாளத்தில் ஆதாரம் என்றால் பத்திரம், அவகாசம் என்றால் உரிமை, கரம் என்றால் வரி. ஒவ்வொன்றையும் ஒருமுறை தப்பாக எழுதித் திருத்திக்கொண்டுதான் கற்கிறோம். அப்படிச் செய்த திருத்தம் எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் மொழிபெயர்ப்பாளரின் சேமிப்புக் கோப்பும், அமர்வு முடிந்ததும் எதையும் வைத்துக்கொள்ளாத செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியும் வேறுபடுகின்றன.

முதலில் கோப்பு. இதை மொழிபெயர்ப்பு நினைவகம் என்பார்கள், தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக டி.எம். என்பார்கள். நான் பயன்படுத்துவது ஒமேகாடி என்ற இலவச மென்பொருள். அது பத்திரத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் காட்டும். ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனால், மலையாள வாக்கியமும் என் தமிழ் வாக்கியமும் ஒரு ஜோடியாக `project_save.tmx` என்ற கோப்பில் சேரும். அதைத் திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான்:

```xml
<tu>
  <tuv xml:lang="ml">
    <seg>മേൽപ്പറഞ്ഞ നിലത്തിന് 2023-24 വർഷത്തെ കരം അടച്ചിട്ടുണ്ട്</seg>
  </tuv>
  <tuv xml:lang="ta" changedate="20230614T052210Z">
    <seg>மேற்சொன்ன நஞ்செய்க்கு 2023-24 ஆண்டுக்கான வரி செலுத்தப்பட்டுள்ளது</seg>
  </tuv>
</tu>
```

இதில் மொழி அறிவு என்று எதுவும் கிடையாது. இந்த மலையாள வரிக்கு இந்தத் தமிழ் வரி, கடைசியாகத் தொட்ட நாள் இது, அவ்வளவுதான். ஆனால் கணினியை அணைத்தாலும், மென்பொருளையே மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். இந்த வடிவம் பல நிறுவனங்களின் மென்பொருள்களுக்கும் பொதுவானது. அதனால் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் போனாலும் அவருடைய மென்பொருள் அதைப் படித்துவிடும்.

அடுத்த வருடம் அதே குடும்பம் புது ரசீதோடு வருகிறது என்று வையுங்கள். வாக்கியம் அதேதான், ‘2023-24’ மட்டும் ‘2024-25’ ஆகியிருக்கிறது. மென்பொருள் புது வாக்கியத்தைக் கோப்பில் உள்ள ஒவ்வொரு மலையாள வாக்கியத்தோடும் ஒப்பிட்டு, ஒன்றை இன்னொன்றாக மாற்ற எத்தனை சொற்களைத் தொட வேண்டும் என்று எண்ணும். மேலே உள்ள மலையாள வரியில் 6 சொற்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் 5 பொருந்துகின்றன, அதாவது ஏறக்குறைய 83 சதவீதம். ‘நிலத்தின்’ என்ற இடத்தில் ‘புரயிடத்தின்’ என்றும் வந்துவிட்டால் 4 தான் பொருந்தும், 67 சதவீதம். கணக்கிடும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை இந்த எண்ணிக்கைதான். எழுபது, எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதிவிடுவதே சுலபம் என்று மொழிபெயர்ப்பாளர்கள் பொதுவாக விட்டுவிடுவார்கள்.

ஆனால் சதவீதம் எண்ணுவது சொற்களை மட்டும், பொருளை அல்ல. ‘அடச்சிட்டுண்டு’ என்றால் வரி கட்டியாயிற்று. ‘அடச்சிட்டில்ல’ என்றால் கட்டவில்லை. மாறியது ஒரே சொல்தான், மதிப்பெண் அதே 83. ஆண்டு மாறிய வாக்கியத்தையும் பொருள் தலைகீழாகிப்போன வாக்கியத்தையும் கோப்பு ஒரே தட்டில் வைத்து நீட்டும். அதனால் பொருந்திய சொற்களை விட்டுவிட்டு, பொருந்தாத அந்த ஒரு சொல்லைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொரு சிக்கல், கோப்பு தவறையும் அதே உண்மையோடு காப்பாற்றும் என்பது. ‘நிலம்’ என்று நான் எழுதிய பழைய வாக்கியங்கள் அப்படியே கிடந்தன. பின்னால் அதே வாக்கியம் வரும்போதெல்லாம் 100 சதவீதப் பொருத்தம் என்று வந்து நின்றன. நூறு என்று பார்த்தால் கை தானாக அடுத்ததற்குப் போய்விடும். இதற்கு ஒரே வழி தேடித் திருத்துவதுதான்: மலையாளப் பக்கத்தில் நிலம் இருந்து, தமிழ்ப் பக்கத்தில் நஞ்செய் இல்லாத ஜோடிகளை எல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒருமுறை திருத்தினேன், அதோடு தீர்ந்தது. திருத்தத்துக்கு என்று ஒரு இடம் இருந்ததால்தான் தீர்ந்தது.

சரி, உரையாடல் கருவிக்கு வருவோம். இங்கே சொல்வது, ஒவ்வொரு அமர்வையும் வெற்றுத்தாளில் தொடங்குகிற வகை. இதற்கு மொழி நிஜமாகவே வருகிறது. கோப்பில் எதுவும் பொருந்தாத வாக்கியத்துக்கும் தமிழ் எழுதித் தரும். ஒரு காலையில் அதனிடம் சொன்னேன்: நிலம் என்றால் நஞ்செய், ஆதாரம் என்றால் பத்திரம், கரம் என்றால் வரி. அன்று முழுக்கச் சரியாகவே எழுதியது. மறுநாள் புது அமர்வைத் திறந்து அதே வரி ரசீதைக் கொடுத்தேன். ‘மேற்கூறிய நிலத்திற்கு’ என்று தொடங்கியது.

அது மறந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். உண்மையில் நேற்றும் அது எதையும் மனதில் ஏற்றவில்லை. இந்தக் கருவியின் உள்ளே இருப்பது பயிற்சியின்போது அமைந்த கோடிக்கணக்கான எண்கள். அந்த எண்கள்தான் அதன் மொழி அறிவு. நாம் பேசுவதால் அவற்றில் ஒன்றுகூட மாறுவதில்லை. அப்படியானால் ஒரே அமர்வுக்குள் மட்டும் நாம் சொன்னது எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு முறை நாம் அனுப்பும்போதும், அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் முதல் வரியிலிருந்து மறுபடியும் உள்ளே போகிறது. பத்தாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது முதல் ஒன்பதையும் புதிதாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறது. என் திருத்தம் உட்கார்ந்திருந்தது அந்த உரையாடலின் எழுத்தில் மட்டும்தான். புது அமர்வில் அந்த எழுத்து இல்லை, திருத்தமும் இல்லை. மிச்சம் இருப்பது பொதுவான மொழி அறிவு. அந்த அறிவின் கணக்கில் மலையாள நிலத்துக்கு நெருக்கமான தமிழ்ச் சொல் நிலம்தான்.

ஒரே அமர்வுக்குள்கூட இதற்கு எல்லை உண்டு. ஒருமுறையில் உள்ளே போகக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. அதை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக எண்ணுவார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒன்று இரண்டு டோக்கனில் முடியும். தமிழ், மலையாளச் சொற்கள் பல துண்டுகளாக உடையும், அதனால் நமக்கு இடம் சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் சில கருவிகள் பழைய பகுதியை வெட்டும், சில சுருக்கிவைக்கும். காலையில் முதல் வரியில் சொன்ன சொற்பட்டியல்தான் அப்போது முதலில் போகும். போனதை அது எப்போதும் அறிவிப்பதில்லை. பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறை, நிலம் என்ற சொல் உள்ள ஒரு சின்ன வாக்கியத்தைக் கொடுத்துப் பார்ப்பேன். நஞ்செய் வராவிட்டால் பட்டியல் கைவிட்டுப் போயிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, புது அமர்வு தொடங்கிவிடுவேன்.

அதோடு, ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை கொடுத்தால் ஒருமுறை ‘வரி செலுத்தப்பட்டுள்ளது’ என்றும் ஒருமுறை ‘வரி கட்டப்பட்டிருக்கிறது’ என்றும் வரலாம். அடுத்து வரக்கூடிய துண்டுகளுக்கு நிகழ்தகவு போட்டு அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அது எழுதுகிற விதம். கதைக்கு இது நல்லது. பத்திரத்தில் ஒரே விஷயம் இரண்டு விதமாக இருந்தால், இரண்டும் ஒன்றா என்று கேள்வி வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கருவி அடுத்த அமர்வில் நினைவு வைத்திருக்காது என்பதால், நாம் கொடுத்த பத்திரம் எங்கும் பதிவாகவில்லை என்று ஆகிவிடாது. உரையாடல்களை நடத்துகிற நிறுவனம் தன் கணினிகளில் வைத்திருக்கலாம், எத்தனை நாள் என்பது அவர்களுடைய விதிமுறையைப் பொறுத்தது. பதிலை எழுதுகிற கருவிக்கு அது எட்டாது, அவ்வளவுதான். பத்திரத்தில் பெயர், சர்வே எண், தொகை எல்லாம் இருக்கும். அவற்றுக்குப் பதிலாக ‘பெயர் 1’, ‘எண் 1’ என்று போட்டுத்தான் நான் கொடுப்பேன். என் கோப்போ நானாக எடுத்துக் கொடுத்தால் ஒழிய என் கணினியைத் தாண்டாது.

இதையெல்லாம் வைத்து உரையாடல் கருவியை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் கோப்பு தடுக்கி விழுகிற ஓர் இடத்தில் அது சுலபமாக நடக்கிறது. மலையாளமும் தமிழைப் போலவே சொல்லோடு வேற்றுமையை ஒட்டுகிற மொழி. நிலம், நிலத்தின், நிலத்தில், நிலத்தின்றெ என்று வந்தால் எண்ணிப் பார்க்கிற கோப்புக்கு இவை நான்கும் நான்கு வெவ்வேறு சொற்கள். அதனால்தான் பழைய தவறுகளைத் தேடும்போது ‘நிலம்’ என்று ஒருமுறையும் ‘நிலத்தி’ என்று ஒருமுறையும் தனித்தனியாகத் தேட வேண்டியிருந்தது. உரையாடல் கருவி இவை ஒரே சொல்லின் வடிவங்கள் என்று பெரும்பாலும் புரிந்துகொண்டு, தமிழிலும் நஞ்செய்யில், நஞ்செய்யின் என்று சரியாக ஒட்டிவிடும். நான் நிலம் என்று ஒரு வடிவத்தைச் சொன்னால் போதும்.

இப்போது நான் செய்வது இது. பத்திரம் வந்ததும் முதலில் கோப்போடு ஒப்பிடுவேன். பொருந்துவதை அங்கிருந்தே எடுத்து, மாறிய சொல்லைப் பார்த்துத் திருத்துவேன். மிஞ்சுகிற வாக்கியங்களுக்குப் புது அமர்வு திறந்து, இருபது வரிச் சொற்பட்டியலையும் அந்த வாக்கியங்களுக்குக் கிட்ட வருகிற நாலைந்து பழைய ஜோடிகளையும் மேலே ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே வாக்கியத்தைக் கொடுப்பேன். ஒட்டியது அந்த அமர்வு முழுக்கக் கண்முன் இருப்பதால் பெரும்பாலும் என் சொற்களிலேயே எழுதுகிறது, எப்போதாவது நழுவும். வந்ததைப் படித்துத் திருத்தி ஒமேகாடியில் இட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனால் ஜோடி கோப்பில் ஏறிவிடும். போன வாரம் ‘தீறாதாரம்’ என்பதை அது ‘தீராத ஆதாரம்’ என்று எழுதியது. கிரயப் பத்திரம் என்று மாற்றி ஏற்றினேன், சொற்பட்டியலிலும் ஒரு வரி கூடியிருக்கிறது.