காலி வளையத்தைத் தள்ளிப் போடவிடாதீர்கள்

பள்ளிப் புல்வெளியிலும் மரத்தடியிலும் வளையத்தைப் போட்டு, அதற்குள் இருக்கும் பூச்சிகளைப் பிள்ளைகளை எண்ணவைத்து, எங்கே அதிகம் என்று ஒப்பிடுவது இப்போது பல பள்ளிகளில் நடக்கிறது. இயற்கை வகுப்பு எடுக்கப் போகும் இடங்களில் நான் கவனித்தவரை, பிள்ளைகள் எண்ணுவதை நன்றாகவே செய்கிறார்கள், வளையத்தை எங்கே போடுகிறோம் என்பதில்தான் கணக்கு கெட்டுப்போகிறது.

"மிஸ், இங்க ஒண்ணுமே இல்ல, கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா?" என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். போடு என்று சொல்லிவிட்டால், வளையம் நேராக எறும்பு ஊரும் இடத்துக்குப் போய்விடும். வெட்டிய புல்லையும் வேப்பமரத்தடியையும் ஒப்பிடத்தானே வந்தோம்? இப்போது இரண்டிலும் பூச்சி நிறைந்த மூலைகளை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். வளையம் விழுந்த இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் தாளில் 0 என்று எழுதுங்கள், அதுவும் ஓர் எண்ணிக்கைதான்.

திரும்பி நின்று முதுகுக்குப் பின்னால் வீசச் சொல்வார்கள் சிலர். அது யார் தலையிலாவது படும் என்பது ஒரு பக்கம், ஓரங்களும் புதர் அடியும் விடுபட்டு வளையம் பெரும்பாலும் நடுவிலேயே விழும் என்பது இன்னொரு பக்கம். நான் செய்வது இதுதான்: 20 அடிக்கு 20 அடி இடத்தைக் கயிறு கட்டிக்கொண்டு, 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கச் சொல்வேன். முதல் எண் ஒரு பக்கக் கயிற்றில் எத்தனையாவது அடி, இரண்டாவது எண் அங்கிருந்து உள்ளே எத்தனை அடி. அந்த இடத்தில் வளையத்தின் நடுப்பகுதி வர வேண்டும், அவ்வளவுதான்.

பி.டி. சார் அறையிலிருந்து வளையம் எடுக்கும்போது எல்லாம் ஒரே அளவுதானா என்று பாருங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள வளையத்தைவிட 75 செ.மீ. வளையம் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான தரையை வளைத்துக்கொள்ளும். பெரியது மரத்தடிக்கும் சிறியது புல்லுக்கும் போய்விட்டால், தொடங்கும்போதே மரத்தடி ஜெயித்துவிடும்.

வளையத்தை மெதுவாக வைத்துவிட்டு, முதல் ஒரு நிமிடம் தொடாமல் பார்க்க வேண்டும். தத்துப்பூச்சியும் வெட்டுக்கிளியும் நிழல் பட்டாலே தாவிவிடும், அவற்றை முதலில் எண்ணிவிட வேண்டும். அப்புறம் ஒரு குச்சியால் புல்லை விலக்கி, இலையைப் புரட்டி நான்கு நிமிடம். பூரானோ தேளோ இருக்கலாம், அதனால் வெறுங்கையை உள்ளே விடக்கூடாது.

எண்களைக் கூட்டும்போதுதான் அடுத்த சிக்கல். புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை: வெட்டிய புல்லில் ஐந்து வளையங்களில் 3, 0, 4, 2, 61. மரத்தடியில் 9, 7, 12, 6, 11. கூட்டினால் புல்லில் 70, மரத்தடியில் 45. பிள்ளைகள் உடனே புல்வெளியில்தான் உயிர்கள் அதிகம் என்பார்கள். ஆனால் அந்த 61, வளையம் எறும்புப் புற்றின் வாயில் விழுந்ததால் வந்தது. அதை அழிக்கக்கூடாது, உண்மையாக எண்ணியதுதானே. அதற்குப் பதில் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள். புல்லில் 3, மரத்தடியில் 9. எறும்புக்கு மட்டும் தலை எண்ணாமல் 'ஐந்து வளையத்தில் எத்தனையில் இருந்தது' என்று தனியாக எழுதினால் இன்னும் தெளிவு. ஒவ்வோர் இடத்துக்கும் பத்து வளையம் போட முடிந்தால் ரொம்ப நல்லது, ஐந்தில் ஒரு புற்று பெரிதாகத் தெரியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. குட்டையான புல்லில் எறும்பு பளிச்சென்று தெரியும், சருகுக்கடியில் சுருண்டு கிடக்கும் மரவட்டை தெரியாது. ஒரே நேரம் தேடினாலும் மரத்தடியில் நாம் குறைவாகத்தான் கண்டுபிடிப்போம். இதைச் சோதிக்க வழி உண்டு. எண்ணி முடித்த வளையத்தில் வேறொரு பிள்ளையை இன்னும் இரண்டு நிமிடம் தேடச் சொல்லுங்கள். புல்லில் புதிதாக ஒன்றும் வராமல், சருகில் நாலைந்து வந்தால், அங்கே கொடுத்த நேரம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு இடத்துக்குமே நேரத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

முழுப் புல்வெளியையும் ஒன்பது மணிக்கு முடித்துவிட்டு மரத்தடிக்குப் பதினொரு மணிக்குப் போகாதீர்கள், வெயில் ஏறினால் புல்லில் இருப்பவை ஒளிந்துவிடும். இங்கே ஒரு வளையம், அங்கே ஒரு வளையம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். தோட்டக்காரரிடம் பூச்சிமருந்து அடித்தாரா, எப்போது புல் வெட்டினார் என்று கேட்டுத் தாளின் மேலே எழுதிவையுங்கள். கடைசியில் பிள்ளைகள் எழுதும் வாக்கியம், "மரத்தடியில் உயிர்கள் அதிகம்" என்று நிற்காமல், "இன்று காலை, மேலே தேடியவரை, மரத்தடி வளையங்களில் அதிகம் பார்த்தோம்" என்று இருக்கட்டும். மண்ணுக்குள் இருப்பதையும் இரவில் வருவதையும் நாம் எண்ணவே இல்லையே.