நூறு தொப்பிகளைக் கலைத்துக் கொடுத்தால் எத்தனை பேருக்குச் சொந்தத் தொப்பி கிடைக்கும்?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: விருந்துக்கு வந்த நூறு பேர் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கொடுக்கிறார்கள், காவலாளி அடையாளச் சீட்டுகளைத் தொலைத்துவிட்டு கைக்கு வந்தபடி ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறார், சராசரியாக எத்தனை பேருக்குத் தங்கள் தொப்பியே கிடைக்கும்? விடை 1. பத்து பேர் என்றாலும் 1, பத்து லட்சம் பேர் என்றாலும் 1.

பிரெஞ்சுக் கணிதர் மோன்மோர் 1708இல் சீட்டாட்டங்களைப் பற்றி எழுதிய நூலிலேயே இந்த வகைக் கணக்கு வந்துவிட்டது. நேர்வழியில் போனால், ஒருவருக்குக்கூடக் கிடைக்காத வாய்ப்பு, சரியாக ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, இருவருக்கு, மூவருக்கு என்று நூறு வரை கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்த வேதனை வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஆளுக்கொரு காட்டி மாறியை வைத்துக்கொள்வோம். முதல் ஆளுக்குத் தன் தொப்பி கிடைத்தால் X1 = 1, இல்லாவிட்டால் 0. இரண்டாம் ஆளுக்கு X2, இப்படியே நூறாம் ஆள் வரை. நூறையும் கூட்டினால் மொத்தப் பொருத்தங்கள் வந்துவிடும். 0, 1 மட்டுமே எடுக்கும் மாறியின் சராசரி, அது 1 ஆக இருக்கும் நிகழ்தகவுதான். இங்கே அது 1/100. நூறு பேர், ஆளுக்கு 1/100, கூட்டினால் 1. கணக்கு முடிந்தது.

சரி, ஆனால் இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும், வராவிட்டால்தான் ஆச்சரியம். இந்த மாறிகள் ஒன்றையொன்று சாராதவை அல்லவே! முதல் ஆளுக்குத் தன் தொப்பி கிடைத்துவிட்டால் இரண்டாம் ஆளின் வாய்ப்பு 1/99 ஆகிவிடுகிறது. 99 பேருக்குச் சரியாகக் கிடைத்தால் நூறாமவருக்கும் கிடைத்தே தீரும். இப்படிப் பின்னிக் கிடப்பவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டலாமா? தாராளமாகக் கூட்டலாம். ஏன் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மூன்று பேரை வைத்து எல்லா வழிகளையும் எழுதிப் பார்ப்போம், இடப்பக்கம் 1, 2, 3ஆம் ஆட்களுக்கு முறையே கிடைத்த தொப்பிகள்:

```
        X1 X2 X3
1 2 3    1  1  1
1 3 2    1  0  0
2 1 3    0  0  1
2 3 1    0  0  0
3 1 2    0  0  0
3 2 1    0  1  0
```

நேர்வழிக்காரர் இதைக் குறுக்கே, வரிசை வரிசையாகக் கூட்டுகிறார்: 3, 1, 1, 0, 0, 1. மொத்தம் 6, ஆறு வழிகள், சராசரி 1. நாம் மேலிருந்து கீழாகக் கூட்டுகிறோம்: 2, 2, 2. அதே 6. ஒரே அட்டவணையை எந்தத் திசையில் கூட்டினால் என்ன, மொத்தம் மாறாது. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் உள்ள தொடர்பெல்லாம் ஒரு நிரலின் 1கள் இன்னொரு நிரலின் 1களோடு எந்த வரிசைகளில் சேர்ந்து வருகின்றன என்பதில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு நிரலை மட்டும் மேலிருந்து கீழாக எண்ணும்போது பக்கத்து நிரலை நாம் பார்ப்பதே இல்லை. சார்பு இல்லாமல் போய்விடவில்லை, நம் கேள்விக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கேள்வியை மாற்றினால் தேவைப்படும். "ஒருவருக்குக்கூடக் கிடைக்காத வாய்ப்பு என்ன" என்று கேட்டால் பலர், ஆளுக்கு 2/3 என்று மூன்று முறை பெருக்கி 8/27 என்பார்கள். அட்டவணையில் எண்ணிப் பாருங்கள், ஆறில் இரண்டு, அதாவது 9/27. பெருக்குவதற்குச் சாராமை வேண்டும், கூட்டுவதற்கு வேண்டாம். ஆட்கள் கூடக்கூட இந்த வாய்ப்பு 1/e, சுமார் 0.368ஐ நெருங்குகிறது. சராசரி 1 என்பதால் எப்போதும் ஒருவருக்காவது கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு தடவைக்கும் மேல் யாருக்குமே கிடைக்காது.

இதை ஜோதிடக்காரர்களிடம் பயன்படுத்திப் பார்க்க எனக்கு ஆசை. பத்துப் பேர், அவர்களின் பத்து ஜாதகங்கள், எது யாருடையது என்று சொல்லுங்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கொடுப்பவருக்கும் சராசரியாக ஒன்று பொருந்தும். இரண்டோ அதற்கு மேலோ பொருந்த சுமார் 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதற்கே "பார்த்தீர்களா!" என்று கிளம்பிவிடுகிறார்கள். நான்கோ அதற்கு மேலோ பொருந்தும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம். அப்படி வந்தால் நானும் நிமிர்ந்து உட்காருவேன், ஆனால் புதிதாகப் பத்துப் பேரை அழைத்து இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்வேன்.