டெமோ: மாதிரிப் பாடமா, நடத்திக் காட்டலா?

அண்ணன் மகள் பி.எட். படிக்கிறாள். கற்பித்தல் பயிற்சிக்காகக் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலில் ஆறாம் வகுப்பு அறிவியலிலிருந்து எட்டு நிமிடம் டெமோ எடுக்க வேண்டும், பாடக்குறிப்பைத் தமிழில் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "தலைப்புலயே மாட்டிக்கிட்டேன் அத்தை. டெமோவுக்குத் தமிழ்ல என்ன போடறது?" என்று கேட்டாள்.

டெமோ என்பது டெமான்ஸ்ட்ரேஷன் என்பதன் சுருக்கம். மூலம் லத்தீன் வினையான தேமோன்ஸ்த்ராரே. அதற்குச் சுட்டிக்காட்டுதல், தெளிவாகக் காட்டுதல் என்று பொருள். அதற்குள் இருக்கும் மோன்ஸ்த்ரூம் என்ற சொல், தெய்வம் காட்டும் சகுனத்தைக் குறித்தது. ஆங்கிலத்தில் பூதத்துக்கு வழங்கும் மான்ஸ்டர் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நேர்காணலுக்கு முந்தைய இரவில் டெமோ ஏன் பூதமாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே போதும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. செயல்விளக்கம் என்பது குக்கர், மருந்துத் தெளிப்பான் போன்ற கருவிகளை இயக்கிக் காட்டப் பொருந்தும். பாடத்துக்கு அது அரைகுறைதான். நுண்ணிலைக் கற்பித்தல் வேறு சங்கதி. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி முறை அது. வினாக் கேட்டல், கரும்பலகையைப் பயன்படுத்தல் என ஒரே ஒரு திறனை எடுத்து, சக பயிற்சி ஆசிரியர்களிடம் ஆறு நிமிடம் நடத்தி, குறை கேட்டு, திருத்தி, மறுபடி நடத்துவது. நேர்காணலில் மறுபடி நடத்த வாய்ப்புக் கிடையாது.

மூன்றாவது மாதிரிப் பாடம். எல்லோரும் எழுதுவது இதைத்தான். ஆனால் இது தேர்ந்த ஆசிரியர் நடத்த, பயிற்சி பெறுபவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துப் பின்பற்றும் பாடத்துக்கு உரிய பெயர். இன்னும் பயிற்சிக்கே சேராத பெண், தான் நடத்தப்போவதை மாதிரி என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் இடிக்கிறது.

எனக்குப் பிடித்தது கற்பித்துக் காட்டல். பேச்சில் பாடம் நடத்திக் காட்டுவது. தமிழில் காட்டு என்பது துணைவினையாக வரும்போது ஒரு வேலை செய்கிறது. பாடிக் காட்டு என்றால் பாட்டைப் பற்றிப் பேசுவதல்ல, பாடவே வேண்டும், அதைக் கேட்க எதிரே ஆளும் இருக்க வேண்டும். வரைந்து காட்டு, நடந்து காட்டு எல்லாமே அப்படித்தான். சொல்லிக் காட்டு மட்டும் தடம் மாறி, செய்த உதவியைக் குத்திக் காட்டுவதாகிவிட்டது. பல டெமோக்கள் தோற்பதும் சொல்வதில்தான். "இந்த வகுப்பில் நான் இதைச் செய்வேன், பிறகு மாணவர்களைக் குழுவாகப் பிரிப்பேன்" என்று எதிர்காலத்திலேயே பேசி எட்டு நிமிடத்தையும் முடித்துவிடுவார்கள். அது பாடக்குறிப்பை வாசிப்பது. எதிரே இருக்கும் மூன்று பேரையும் ஆறாம் வகுப்பாக வைத்துக்கொண்டு நடத்தினால்தான் அது காட்டல்.

சரி, தலைப்பு முடிந்தது. அவள் எடுத்த பாடம் ஆவி சுருங்குதல். நோக்கம் என்ற இடத்தில் "ஆவி சுருங்குதலை மாணவர் புரிந்துகொள்வர்" என்று எழுதியிருந்தாள். புரிந்துகொண்டதை யார் கண்ணால் பார்ப்பது? பார்க்கவோ கேட்கவோ முடிகிற வினையாக மாற்றச் சொன்னேன். இரண்டு முறை அடித்துத் திருத்திய பிறகு இப்படி வந்தது: "குளிர்ந்த டம்ளரின் வெளியே படியும் நீர் காற்றிலிருந்து வந்தது என்பதை மாணவர் காரணத்துடன் சொல்வார்." எட்டு நிமிடத்துக்கு இந்த ஒரு நோக்கம் போதும். நீர்ச் சுழற்சி, மேகம், மழை என்று அவள் சேர்த்திருந்த மூன்றையும் எடுத்துவிட்டோம்.

செயல்பாட்டுக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர். இரண்டிலும் நீல மை கலந்த தண்ணீர், ஒன்றில் மட்டும் ஐஸ் கட்டி. மை அழகுக்காக அல்ல. தண்ணீர் டம்ளரிலிருந்து கசிகிறது என்பதுதான் பிள்ளைகளிடம் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணம். கசிந்திருந்தால் வெளியே படிவதும் நீலமாக இருக்க வேண்டும், ஐஸ் இல்லாத டம்ளரும் நனைய வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினால் கறையே இருக்காது.

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது இரண்டு கோளாறு. முதல் தடவை டம்ளரை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தாள். நான் பார்க்கும்போதே அது நனைந்திருந்தது. வெளிப்புறம் முதலில் காய்ந்திருந்ததைப் பார்க்காதவருக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஆகவே எல்லார் முன்னாலும் துடைத்துவிட்டு, அப்புறம்தான் ஐஸ் போட வேண்டும். இரண்டாவது, முகவுரை பேசிவிட்டு ஐஸ் போட்டாள். துளி வரும்வரை சும்மா நின்றாள். ஐஸை முதல் நிமிடத்திலேயே போட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் "வெளியே என்ன ஆகும்? எழுதி வையுங்கள்" என்று ஊகிக்கச் சொல்ல வேண்டும்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் டம்ளர் சீக்கிரம் வியர்த்துவிடும். உறைபனி காலத்துப் பகலில், வானம் வெளுத்துக் காற்று வறண்டிருந்தால் ஐஸ் போட்டும் மங்கலாக ஒரு படலம்தான் வரும், அதுவும் தாமதமாக. டம்ளர் எவ்வளவு குளிர வேண்டும் என்பது காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் பையில் ஒரு கைக்கண்ணாடியும் வைக்கச் சொன்னேன். வாயை வைத்து ஊதினால் மலைக் குளிரில் உடனே மங்கும்.

கடைசி இரண்டு நிமிடம் சரிபார்ப்பு. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்த வகுப்பும் "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் பாடும். நன்னூல் பாயிரம் ஆசிரியருக்கு "கொள்வோன் கொள்வகை அறிந்து" என்று வேலை வைத்திருக்கிறது. எடுத்துக்கொள்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதைக் கோரஸில் தெரிந்துகொள்ள முடியாது. அவளுடைய கேள்வி இது: "கோத்தகிரியிலிருந்து காலையில் மேட்டுப்பாளையம் போகும் பஸ். ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது, உள்ளே கூட்டம், கண்ணாடி மங்கிவிட்டது. எந்தப் பக்கம் துடைத்தால் தெளியும்? உள்ளே என்றால் ஒரு விரல், வெளியே என்றால் இரண்டு விரல். மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒன்றாகக் காட்டுங்கள்." ஒன்றாகக் காட்டினால் பக்கத்து விரலைப் பார்த்து மாற்ற முடியாது. டம்ளரில் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு இங்கேயும் வெளியே என்று மனப்பாடமாகச் சொல்பவர் இதில் மாட்டுவார். ஈரக் காற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்தவர்தான் தப்புவார்.

நேர்காணலில் வேண்டுமென்றே யாராவது தப்பாகச் சொல்வார்கள், அதற்கும் அரை நிமிடம் ஒதுக்கு என்று சொல்லியிருந்தேன். அப்படியே நடந்ததாம். ஒருவர் இரண்டு விரல் காட்டினார். "தப்பு சார்" என்று அவள் சொல்லவில்லை. கைக்கண்ணாடியில் ஊதி அவரிடம் நீட்டி, "பின்பக்கத்தைத் துடைச்சுப் பாருங்க சார்" என்றாளாம். அவர் துடைத்தார், மங்கல் போகவில்லை. திருப்பி, தான் ஊதிய பக்கத்தைத் துடைக்கச் சொன்னாள். "அப்போ பஸ்ஸுக்குள்ள ஊதறது யாரு சார்?" என்று அவள் கேட்டபோது ஏழரை நிமிடம் ஆகியிருந்தது.