கொலுசுக் கடையில் பல்பு ஏன் சீக்கிரம் போகிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐந்து வருஷம் உழைக்கும் என்று சொல்லி எல்.இ.டி. பல்பு மாட்டினார்கள். ஒரு வருஷம் தாண்டுவதற்குள் ஒவ்வொன்றாகப் போகிறது. பழைய குண்டு பல்பே தேவலை போலிருக்கிறதே, கணக்குப் பார்த்தால் எது லாபம்?" கூடவே ஒரு தகவலும் சொல்லியிருந்தார். கூரையில் முழுதும் மூடிய கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கின்றன, பல்பு அவற்றுக்குள் இருக்கிறது. அவருடைய கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

முதலில் காசுக் கணக்கு. கடை நாளுக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் திறந்திருந்தால் ஐந்து வருஷத்தில் ஒரு விளக்கு 15,000 மணி நேரம் எரியும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 வாட் குண்டு பல்பு அதற்குள் 900 யூனிட் குடிக்கும், 9,000 ரூபாய். ஒரு குண்டு பல்பின் ஆயுள் ஏறக்குறைய 1,000 மணி நேரம்தான். ஆகவே 20 ரூபாய் பல்பு பதினைந்து வாங்க வேண்டும், மொத்தம் 9,300. அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. 135 யூனிட்தான் எடுக்கும். பல்பு 100 ரூபாய், மின்சாரம் 1,350, ஆக 1,450 ரூபாய். வாசகர் சொல்வதுபோல் வருஷத்துக்கு ஒன்று போய் ஐந்து பல்பு வாங்கினாலும் 1,850-ஐத் தாண்டாது. பல்பின் விலை இந்தக் கணக்கில் ஓரமாகத்தான் நிற்கிறது, பணத்தைத் தின்பது மின்சாரம்தான். அதனால் குண்டு பல்புக்குத் திரும்பும் பேச்சே வேண்டாம். ஆனாலும் ஐந்து வருஷம் உழைக்க வேண்டியது ஒரு வருஷத்தில் சாவது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பல்புக்குள் ஒளி தரும் சில்லு அவ்வளவு லேசில் சாகாது. பெரும்பாலும் முதலில் சாவது அதற்குக் கீழே, மூடிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மின்சுற்று. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; அதாவது நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டு எழும்புகிறது. எல்.இ.டி. அந்தப் பள்ளங்களில் அணைந்து அணைந்து எரியும். பள்ளத்தை நிரப்புவதற்காக விரல் நுனி அளவில் ஒரு கெப்பாசிட்டரை வைக்கிறார்கள். அது மேட்டில் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பள்ளத்தில் கொடுக்கும். அதன் உள்ளே அலுமினியத் தகடும், திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. அந்தத் திரவம் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. உலர்ந்துவிட்டால் கெப்பாசிட்டரால் எதையும் சேர்த்துவைக்க முடியாது.

திரவம் எவ்வளவு வேகமாக உலரும் என்பதை முடிவு செய்வது வெப்பம். மின்னணுப் பொறியாளர்கள் வைத்திருக்கும் எளிய விதி: ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும். திறந்த ஹோல்டரில் தொங்கும் பல்பைவிட மூடிய கிண்ணத்துக்குள் 20 டிகிரி கூடினால், பாதியில் பாதி, அதாவது கால் பங்கு. 15,000 மணி நேரம் 3,750 ஆகிவிடும். வாசகரின் கடைக்கு ஒன்றேகால் வருஷம். அவர் சொன்ன காலத்தோடு எவ்வளவு ஒட்டி வருகிறது, பாருங்கள்!

குண்டு பல்பு மட்டும் அதே கிண்ணத்தில் எப்படித் தாக்குப்பிடித்தது? அதன் இழை 2,500 டிகிரி அளவில் எரிகிறது. சுற்றிலும் 20 டிகிரி கூடுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதோடு அதன் வெப்பத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக ஒளியோடு சேர்ந்து கிளம்பிப் போய்விடும். எல்.இ.டி.யின் ஒளியில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. 9 வாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி. மீதி 6 வாட் வெப்பம் பல்பின் உடல் வழியாகக் காற்றுக்குத்தான் இறங்க வேண்டும். காற்று அடைபட்டுக் கிடந்தால் அதற்குப் போக வழியில்லை. குறைவாகச் சூடாகும் விளக்குக்குத்தான் காற்று அதிகம் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இதே பல்பை ஏற்காட்டில் ஒரு கடையில் மாட்டினால், மலைமேல் காற்று சுமார் 10 டிகிரி குளிர்ச்சி என்பதற்காக மட்டுமே கெப்பாசிட்டர் இரு மடங்கு உழைக்கும்.

ஆகவே கிண்ணத்தைக் கழற்றுங்கள். அப்புறம் என்ன மாட்டுவது என்பதைக் கொலுசு முடிவு செய்யட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடைக்குப் பொதுவெளிச்சம் 5,000 முதல் 6,000 லூமென் போதும். 20 வாட் நீள எல்.இ.டி. பட்டை மூன்று மாட்டினால் வந்துவிடும். நீளமும் திறந்த அமைப்பும் இருப்பதால் அதன் வெப்பம் எளிதில் கலைந்துவிடும். பழைய டியூப் லைட்டும் சோக்கும் சேர்ந்து ஒன்றுக்கு 48 வாட் அளவில் எடுத்தன. ஒவ்வொரு பட்டையும் வருஷத்துக்கு 840 ரூபாய் மிச்சம் பிடிக்கும்.

ஆனால் பட்டை வெளிச்சத்தில் வெள்ளி மினுமினுக்காது. கொலுசின் ஒவ்வொரு முத்தும் ஒரு குட்டிக் கண்ணாடி. அது விளக்கின் பிம்பத்தைத்தான் காட்டுகிறது. விளக்கு அகலமாக இருந்தால் முத்து முழுக்க மங்கல் வெள்ளை பரவும். விளக்கு சிறு புள்ளியாக இருந்தால் கையை அசைக்கும்போது பிம்பம் முத்துக்கு முத்து தாவும். அந்தத் தாவலைத்தான் நாம் மினுமினுப்பு என்கிறோம். எனவே கண்ணாடிப் பெட்டிக்கு மேலே 7 வாட் ஸ்பாட் லைட் இரண்டு மூன்று, குறுகலான கற்றை உள்ளதாக வையுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் பதித்தால் அதன் முதுகுப்பக்கம் கையளவாவது இடம் விடச் சொல்லுங்கள்; பஞ்சோ துணியோ அதன் மேல் கிடக்கக் கூடாது.

இன்னொன்று, சாமி படத்தின் முன் இரவும் பகலும் எரியும் ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, பழைய இழை வகை 12 முதல் 15 வாட் வரை எடுக்கும். 15 வாட் என்றால் வருஷத்துக்கு 131 யூனிட், 1,300 ரூபாய். கடையின் முழு எல்.இ.டி. பட்டை ஒன்று எடுப்பதை விடவும் இரு மடங்கு! அரை வாட் எல்.இ.டி.யில் அதே சிவப்பு வெளிச்சம் வருஷத்துக்கு 45 ரூபாயில் கிடைக்கும். பக்திக்கும் பில்லுக்கும் இங்கே சண்டையே இல்லை.

இந்த ஒளி நமக்குக் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். எல்.இ.டி. பல்பின் வெள்ளை வெளிச்சம் நீல எல்.இ.டி.யிலிருந்துதான் பிறக்கிறது. பெரும்பாலோர் கைவிட்ட காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் முயன்று நீல எல்.இ.டி. செய்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் வந்தது. உடனே பலன் கேட்காமல் ஆராய்ச்சிக்குப் பணம் தர வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

இனி ஒவ்வொரு பல்பின் கழுத்திலும் மாட்டிய தேதியை எழுதிவையுங்கள். அணைவதற்கு முன் நடுங்கினால் கெப்பாசிட்டர் உலர்கிறது. செல்ஃபோன் கேமராவில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் வரிவரியாகத் தெரியும். நடுக்கமின்றிச் சட்டென்று அணைந்து, உள்ளே ஒரு சில்லில் கரும்புள்ளி இருந்தால், அந்தச் சில்லு எரிந்திருக்கிறது. சில்லுகளை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று போனால் பல்பு மொத்தமும் அணையும். ஒரே இடத்துப் பல்பு மட்டும் திரும்பத் திரும்பப் போனால் அந்த இடத்தில் வெப்பமோ தளர்ந்த ஹோல்டரோ காரணம். ஒரே இரவில் பல பல்புகள் சேர்ந்து போனால் நியூட்ரல் கம்பி தளர்ந்து மின்னழுத்தம் ஏறியிருக்கலாம். அப்போது புதுப் பல்பு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.