ரெண்டரில் காணாமல் போன தூண்கள்: ஜூரிக்கு எழுதும் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக்கு மாணவர்களின் வடிவமைப்புகளை மதிப்பிடும் ஜூரியாகப் போயிருந்தேன். மூன்றாம் ஆண்டு ஸ்டுடியோ. வளாகத்துக்குள் ஒரு நூலகம் வடிவமைக்க வேண்டும். ஒரு மாணவியின் ஷீட்டுகளின் நடுவில் பெரிதாக ஒரு ரெண்டர், அதாவது கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம், இருந்தது: வாசிப்புக் கூடம், தரையில் நீள நீளமாக வெயில், மேற்கே முழுக்கக் கண்ணாடி, கூரை வரை புத்தகங்கள். அதன் கீழே இருந்த குறிப்பு இரண்டே வரி. ஏஐ கருவியில் உருவாக்கிய படம், வாசிப்பு அனுபவத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருதும்மா?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். அது வடக்குச் சுவர். வடக்கிலிருந்து இவ்வளவு வெயில் எப்படி என்ற அடுத்த கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. வருத்தம் என்னவென்றால், அவளுடைய பிளான் நன்றாக இருந்தது. வெயில் நேராக விழக்கூடாது என்றே யோசித்து, வாசிப்புக் கூடத்தை வடக்கில் வைத்திருந்தாள். அந்த நல்ல முடிவைப் படமே மறுத்துவிட்டது. நாங்களும் பத்து நிமிடம் படத்தைப் பற்றியே பேசினோம், பிளானுக்கு நேரம் போதவில்லை. அதில் எங்கள் தவறும் உண்டு.

ஜூரி முடிந்ததும் அவளோடு உட்கார்ந்து, கணினியில் படத்தைப் பிரித்துப் பார்த்தேன். தன் முப்பரிமாண மாதிரியிலிருந்து வண்ணமில்லாத ஒரு காட்சியை எடுத்து, அதன் ஆழ வரைபடத்தை வழிகாட்டியாகக் கொடுத்து, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ கருவியில் ஓட்டியிருக்கிறாள். தட்டச்சு செய்தது இது:

```
university library reading hall, warm sunlight, exposed brick,
tall bookshelves, people reading, photorealistic
denoising strength: 0.7
```

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேலே இருப்பதைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கினோம். கேமரா கோணம் ஒன்றுதான் என்பதால் எது நின்றது, எது மாறியது என்று உடனே தெரிந்தது. கூடத்தின் அகலம், உயரம், ஜன்னல்களின் இடம் மூன்றும் அப்படியே இருந்தன. நடு வரிசைத் தூண்கள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது புரிந்துவிடும். ஆழ வரைபடம் சொல்வது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம். ஜன்னலே இல்லாத செங்கல் சுவரும் அதே இடத்தில் நிற்கும் கண்ணாடிச் சுவரும் அதற்கு ஒன்றுதான், இரண்டுமே தட்டையான பரப்பு. அதனால் அவளுடைய மேற்குச் சுவரை நிரப்பும்போது, நூலகம் என்றால் எது பொருந்தும் என்று கருவி கற்றிருந்ததோ அதை வைத்துவிட்டது. தூண்களின் கதை வேறு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் நேரடியாகப் பிக்சல்களில் வேலை செய்வதில்லை. 8-க்கு 8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கிய வடிவத்தில் செய்கிறது. 512 பிக்சல் அகலப் படம் அதற்கு வெறும் 64 கட்டம். அவளுடைய தூரத்துத் தூண்கள் ஏழெட்டுப் பிக்சல் அகலம்தான் இருந்தன, ஒரு கட்டத்தைத் தாண்டாது. denoising strength என்பது மூலப் படத்தைக் கருவி எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு; அது 0.7 ஆக இருந்தால் மூலப் படத்தின் பிடியும் தளர்ந்துவிடும். மெல்லிய பொருள்கள் முதலில் போகும்.

தூண் போனால் என்ன, அழகுக்குத்தானே என்று அவள் நண்பன் கேட்டான். இங்கேதான் நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அவளுடைய கிரிட், அதாவது தூணுக்குத் தூண் உள்ள தூரம், 7.2 மீட்டர். கூடத்தின் அகலம் இரண்டு கட்டம், அதாவது 14.4 மீட்டர். அதற்கு நேர் மேலே முதல் தளத்தில் புத்தக அடுக்கு அறை. புத்தக அடுக்கு அறைக்கு நம் இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சொல்லும் சுமை, அலமாரி 2.2 மீட்டர் உயரம் வரை இருந்தால் சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன். ஏறக்குறைய 600 கிலோ. பீமின் ஆழத்துக்கு, முதல் கட்ட மதிப்பீடாக, இடைவெளியில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடுப்போம். தூண்கள் இருந்தால் 600 மில்லிமீட்டர். நடுத் தூண்களை எடுத்துவிட்டால் 1.2 மீட்டர். தளத்தின் உயரம் 4.2 மீட்டர், எனவே பீமுக்கு அடியில் மிஞ்சுவது 3 மீட்டர். படத்தில் ஸ்லாபின் விளிம்பு ஒரு அடிகூடத் தெரியவில்லை. படத்தில் உள்ள கூடம் வேறு ஒரு கட்டடம். அதை அவள் வடிவமைக்கவில்லை.

வெயிலுக்கும் இதே கதைதான். சென்னை அட்சரேகை 13 பாகை. ஜூன் 21 நண்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கும். மேல்விளிம்பு 3 மீட்டரில் உள்ள வடக்கு ஜன்னல் வழியாக அப்போது வெயில் அரை மீட்டர் அளவுதான் உள்ளே வரும். அந்த மாதங்களில் விடிந்த பின் சற்று நேரமும் பொழுது சாயும் நேரமும் தாழ்ந்த வெயில் வரும், ஆனால் சுவரை ஒட்டிச் சாய்வாக. படத்தில் இருந்ததுபோல் ஜன்னலுக்கு நேர் எதிரே ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒருபோதும் விழாது. கருவிக்கு வடக்கு எது என்று யாரும் சொல்லவில்லை. warm sunlight என்று கேட்டாள், அது கொடுத்தது.

கூரை வரை புத்தகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் திறந்த சீனாவின் தியான்ஜின் பின்ஹாய் நூலகத்தின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அங்கே மேல் அடுக்குகளுக்கு ஏறும் வழியே கட்டப்படவில்லை, அங்கிருப்பவை அலுமினியத் தகட்டில் அச்சிட்ட புத்தகப் படங்கள். கை எட்டாத அடுக்கை நீங்கள் காட்டினால், அங்கிருந்து புத்தகத்தை யார், எப்படி எடுப்பது என்று ஜூரி கேட்கத்தான் செய்வார்கள்.

சரி, அப்புறம் குறிப்பைத் திருத்தினோம். அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"இந்தப் படம் என் மாதிரியின் ஒரு காட்சியை வைத்து ஸ்டேபிள் டிஃப்யூஷனில் உருவாக்கியது. கேமரா நிற்கும் இடம் தரைத்தளப் பிளானில் குறிக்கப்பட்டுள்ளது; கருவிக்குக் கொடுத்த மூலக் காட்சி பக்கத்தில் சிறிதாக உள்ளது. கூடத்தின் அளவும் ஜன்னல்களின் இடமும் என் வடிவமைப்புப்படியே உள்ளன. நடுவில் 7.2 மீட்டர் இடைவெளியில் ஐந்து தூண்கள் உண்டு, படத்தில் விடுபட்டுள்ளன. மேற்குச் சுவர் ஜன்னலில்லாத செங்கல் சுவர், படத்தில் கண்ணாடியாக மாறியுள்ளது. தரை கோட்டா கல், மரம் அல்ல. அலமாரிகளின் உயரம் 2.1 மீட்டர். தரையில் விழும் வெயில் கருவி சேர்த்தது. வெளிச்சத்துக்கு ஷீட் 4-ல் உள்ள செக்‌ஷனைப் பார்க்கவும்."

எழுதி முடித்ததும் அவளே கேட்டாள், "சார், இவ்வளவு மாறியிருந்தா இந்தப் படத்தை எதுக்கு வைக்கணும்?"

நியாயமான கேள்வி. மரத் தரை, மனிதர்களின் உடை போன்ற மாற்றங்களைக் குறிப்பு தாங்கும். தூணும் சுவரும் மாறியிருந்தால் குறிப்பு போதாது, படத்தையே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. படம் கண்ணில் நிற்கும் அளவுக்குக் கீழே உள்ள எழுத்து நிற்காது. அதனால் மாதிரியில் செங்கல் வரிசைகளைப் போட்டு, ஆழ வரைபடத்தோடு கோட்டு வடிவத்தையும் வழிகாட்டியாகக் கொடுத்து, படத்தின் அகலத்தைக் கூட்டி, 0.7-ஐ 0.35-க்கு இறக்கி, warm sunlight-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். தூண்கள் ஐந்தும் நின்றன. மேற்குச் சுவர் செங்கலாகவே இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு கதவு புதிதாக முளைத்திருந்தது. குறிப்பில் தூண், சுவர் வரிகளை எடுத்துவிட்டு அந்தக் கதவைச் சேர்த்தாள்.

இறுதி ஜூரியில் அந்தப் படம் முன்னதைவிட மங்கலாகத்தான் இருந்தது. கேள்வி மூன்றாவது தூணைப் பற்றி வந்தது: அதை ஒட்டி மேசை போட்டிருக்கிறாயே, நாற்காலியை இழுக்க இடம் இருக்கிறதா? அவள் பிளானை எடுத்து, ஸ்கேலை வைத்து அளந்து காட்ட ஆரம்பித்தாள்.