நடுப்பெயர் யாருடையது? மகாராஷ்டிரத்துப் பெண்களின் இரண்டு பெயர்கள்

மும்பையில் வாரிசு, சொத்து ஆவணங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். என்னிடம் வரும் தமிழர்கள் பலருக்கு மராட்டியப் பெயர்களைப் படிப்பதில் ஒரு குழப்பம் உண்டு. மூன்று சொல் இருந்தால், முதல் இரண்டும் சேர்ந்து ஆளின் பெயர், மூன்றாவது சாதிப் பெயரோ ஊர்ப் பெயரோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நடுவில் இருப்பது இன்னொரு ஆளின் பெயர்.

சச்சின் ரமேஷ் தெண்டுல்கரில் ரமேஷ் அப்பா. சுனில் மனோகர் காவஸ்கரில் மனோகர் அப்பா. குஜராத்திலும் இதே கதைதான்: மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, நரேந்திர தாமோதர்தாஸ் மோடி. நாம் அப்பா பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் வைக்கிறோம். அவர்கள் முழுசாக நடுவில் வைத்து, கடைசியில் குடும்பப் பெயரைச் சேர்க்கிறார்கள். மராட்டியில் அந்தக் கடைசிப் பெயருக்கு ஆட்நாவ் என்று பெயர். ஆண்களுக்கு இந்த மூன்றும் பிறப்பு முதல் இறப்பு வரை அப்படியே இருக்கும். தாத்தா, அப்பா, மகன் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போகலாம். நிலப் பதிவேட்டில் மூன்று தலைமுறையைத் தேடும்போது இது எவ்வளவு வசதி என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பெண்களுக்கு அந்தச் சங்கிலி கல்யாணத்தோடு அறுந்துவிடும். வழக்கப்படி கல்யாணமானதும் நடுவிலிருந்த அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வரும், கடைசியில் கணவரின் ஆட்நாவ் வரும். மிஞ்சுவது அவளுடைய சொந்தப் பெயர் மட்டும். சில குடும்பங்களில், குறிப்பாக மராட்டிய பிராமணக் குடும்பங்களில், அதுவும் மிஞ்சாது. கல்யாணச் சடங்கில் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை அதன்மேல் பெண்ணுக்குப் புதுப்பெயர் எழுதுவார். இது பழைய வழக்கம். ஜான்சி ராணி பிறந்தபோது மணிகர்ணிகா. லட்சுமிபாய் என்பது கல்யாணத்தில் வந்த பெயர். 1886இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கிய ஆனந்திபாய் ஜோஷி, பிறந்த வீட்டில் யமுனா. இன்று முதல் பெயரை மாற்றுவது குறைந்துவிட்டது. ஆனால் அப்படி மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. அவர்களுடைய பெற்றோர் காலமாகும் வயது இது. அதனால்தான் இவர்கள் வக்கீலைத் தேடி வருகிறார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமானால் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வழக்கம் வேறு, சட்டம் வேறு. பழைய பெயரிலேயே பாஸ்போர்ட், பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். மாமியார் வீட்டில் ஒரு பெயர், ஆவணத்தில் ஒரு பெயர் என்று வாழும் பெண்களும் இருக்கிறார்கள். அது பிரச்சினையே இல்லை. பாதி ஆவணத்தில் பழைய பெயரும் பாதியில் புதுப்பெயரும் இருந்து, இரண்டையும் கோர்க்கும் காகிதம் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

அடிக்கடி வரும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர்கள் நான் வைத்தவை. ஸ்ரீதர் கோவிந்த் ஜோஷி என்பவருக்கு ஒரு மகள், வசுதா ஸ்ரீதர் ஜோஷி. அவள் கல்லூரியில் படிக்கும்போது அப்பா ஒரு பிக்சட் டெபாசிட் போட்டு, நாமினியாக அவள் பெயரைக் கொடுத்தார். அப்புறம் அவளுக்கு மிலிந்த் கேல்கரோடு கல்யாணம். அரிசித் தட்டில் ராதிகா என்று எழுதினார்கள். அன்றிலிருந்து அவள் ராதிகா மிலிந்த் கேல்கர். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. டெபாசிட்டை அப்பா புதுப்பித்துக்கொண்டே வந்தார், நாமினி பெயரை மட்டும் தொடவில்லை. அவர் காலமான பிறகு மகள் ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார்.

"நாமினி வசுதான்னு இருக்கு. நீங்க ராதிகா. அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"அது நான்தான்."

வங்கிக்காரர் தயங்கியதில் தப்பில்லை. இந்த இடத்தில் ஒவ்வொரு காகிதமும் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பான் கார்டு. கல்யாணமான பெண்ணானாலும் பான் விண்ணப்பத்தில் கணவர் பெயரைக் கேட்பதில்லை, அப்பா பெயரைத்தான் கேட்பார்கள். அதனால் ராதிகா மிலிந்த் கேல்கரின் கார்டில் அப்பா பெயர் ஸ்ரீதர் கோவிந்த் ஜோஷி என்றே இருக்கும். மகாராஷ்டிர, குஜராத் பெண்களுக்கு அப்பாவின் பெயர் தங்கிநிற்கும் ஆவணங்களில் இது முக்கியமானது. ஆனால் ராதிகா அவருடைய மகள் என்பதைத்தான் இது சொல்கிறது. ராதிகாவும் வசுதாவும் ஒருவர்தான் என்று சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெயர்களில் இரண்டு மகள்கள் இருந்திருக்கலாமே!

பான் எண்ணிலேயே இன்னொரு தடயம் இருக்கும். தனிநபரின் எண்ணில் ஐந்தாவது எழுத்து, எண் கொடுத்தபோது இருந்த குடும்பப் பெயரின் முதல் எழுத்து. ஜோஷியாக இருந்தபோதே பான் வாங்கியிருந்தால் அது `J`. பிற்பாடு கார்டில் பெயரைக் கேல்கர் என்று திருத்தினாலும் எண் மாறாது. `K` வர வேண்டிய இடத்தில் `J` இருக்கிறதே, கார்டு போலியோ என்று பயந்துபோய்க் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். போலி இல்லை, கல்யாணத்துக்கு முந்தைய பெயரின் மிச்சம் அது. நம் கதையில் ராதிகா கல்யாணத்துக்குப் பிறகுதான் பான் வாங்கினார், அதனால் இந்தத் தடயம் உதவவில்லை.

அடுத்தது பள்ளிச் சான்றிதழ். மகாராஷ்டிர போர்டின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஆட்நாவ்தான் முதலில் வரும்: ஜோஷி வசுதா ஸ்ரீதர். பள்ளியை விட்டபோது வாங்கிய சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும். அதே தேதி பான் கார்டிலும் இருக்கிறது. அப்பாவும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று என்றால் இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ஆள். நெருங்கிவிட்டோம்.

மூன்றாவது கல்யாணப் பதிவுச் சான்றிதழ். இது கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பொதுவாக அதில் பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்தான் இருக்கும். வசுதா ஸ்ரீதர் ஜோஷிக்கும் மிலிந்துக்கும் கல்யாணம் ஆனது என்று சொல்லும், அதற்குப் பிறகு அவள் ராதிகா ஆனாள் என்று சொல்லாது. முதல் பெயர் மாறாத பெண்களுக்கு இது போதும். வசுதா ஜோஷி வசுதா கேல்கர் ஆனாள் என்று யாரும் ஊகித்துக்கொள்வார்கள். முதல் பெயரும் மாறியவர்களுக்கு இது மட்டும் போதாது.

ராதிகாவின் ஆதார் பழையது. அதில் மிலிந்தின் மனைவி ராதிகா என்று முகவரியோடு இருந்தது. ஆக மிலிந்தின் மனைவி வசுதா, மிலிந்தின் மனைவி ராதிகா, இருவருக்கும் அப்பாவும் பிறந்த தேதியும் ஒன்று. நான்கு காகிதத்தையும் கோர்த்தால் விஷயம் தெளிவுதான். ஆனால் கவுண்ட்டரில் இருப்பவருக்குத் துப்பறியும் கடமை இல்லை. அவருக்குப் பழைய பெயரும் புதுப்பெயரும் பக்கத்துப் பக்கத்தில் அச்சான ஒரே காகிதம் வேண்டும். அதுதான் அரசிதழ், பேச்சுவழக்கில் கெஜட். மகாராஷ்டிர அரசின் அச்சுத் துறைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன பிறகும் போடலாம், தடை இல்லை. ராதிகாவுக்கும் அதைத்தான் செய்தோம். கெஜட் அறிவிப்போடு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தையும் இணைத்துக் கொடுத்ததும் வங்கி ஏற்றுக்கொண்டது. வெறும் பிரமாணப் பத்திரத்தை மட்டும் நீட்டினால் சில இடங்களில் வாங்குவார்கள், சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள்.

டெபாசிட்டாவது பரவாயில்லை. கிராமத்து நிலம் என்றால் நான் இன்னும் கவலைப்படுவேன். அப்பா இறந்ததும் அவருடைய வாரிசுகளின் பெயர் சாத்பாரா உதாராவில், அதாவது நிலத்தின் 7/12 நகலில், ஏற வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆனால் கல்யாணமாகிப் போன மகளின் பெயரில் அப்பாவின் அடையாளம் எதுவும் இல்லாததால், அண்ணன் தம்பிகள் கொடுக்கும் வாரிசுப் பட்டியலில் அவள் விடுபட்டாலும் ஊர் அலுவலகத்தில் யாருக்கும் உறுத்தாது. மகனின் பெயர் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும். மகள் காகிதம் கொண்டுவந்து நிரூபிக்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே மகள்கள் கெஜட்டைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்த 7/12 நகலையும் அவ்வப்போது இணையத்தில் எடுத்துப் பாருங்கள்.

பெயரை மாற்றுவது என்று முடிவு செய்தவர்கள் ஆதாரில் நிதானமாக இருங்கள். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம். கல்யாணத்துக்கு ஒன்று, எழுத்துப் பிழைக்கு ஒன்று என்று தீர்ந்துவிட்டால், பின்னால் விவாகரத்தாகிப் பழைய பெயருக்குத் திரும்ப நினைக்கும்போது அலைய வேண்டியிருக்கும். எப்படி எழுத வேண்டும் என்பதைக் கெஜட்டில் முதலில் உறுதி செய்துகொண்டு, அதே எழுத்தில் ஆதார், அதற்குப் பிறகு பான், கடைசியாக வங்கி என்று போனால் சிக்கல் குறைவு.

குஜராத்தியர்களுக்கு இதற்குமேல் ஒரு தொல்லை உண்டு. மரியாதைக்குச் சேர்க்கும் பாய், பென் ஆகியவை பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அப்பா ஒரு ஆவணத்தில் ரமேஷ், இன்னொன்றில் ரமேஷ்பாய். மகளின் நடுப்பெயரும் அதற்கேற்ப இரண்டு மாதிரி. மனிதர்களுக்கு இது ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு.

மும்பைத் தமிழர்களும் இதில் மாட்டிக்கொள்கிறோம். தாராவியிலோ மாட்டுங்காவிலோ பள்ளியில் சேர்க்கும்போது படிவம் மூன்று பெயர் கேட்கும். குழந்தை பெயர், அப்பா பெயர், மூன்றாவது? சிலர் தாத்தா பெயரைப் போடுகிறார்கள், சிலர் சாதியை. மூத்தவளுக்கு ஒன்று, இளையவனுக்கு வேறொன்று என்று போட்டுவிட்டு, பிற்பாடு உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க அலைந்த குடும்பங்கள் உண்டு. எதைப் போட்டாலும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றையே போடுங்கள்.

மகாராஷ்டிர அரசு 2024 மார்ச்சில் ஒரு முடிவு எடுத்தது. அந்த ஆண்டு மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் குழந்தை பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், ஆட்நாவ் என்ற வரிசையில் நான்கு பெயர் எழுத வேண்டும். அந்த வருஷக் கடைசியில் தேவேந்திர ஃபட்னவிஸ் முதலமைச்சராகப் பதவியேற்றபோது தன் பெயரை தேவேந்திர சரிதா கங்காதர்ராவ் ஃபட்னவிஸ் என்று அம்மா பெயரோடு சொன்னது பலருக்கு நினைவிருக்கும். கல்யாணமான பெண்களுக்கு மட்டும் கணவர் பெயரைச் சேர்க்கும் பழைய முறையே தொடர்கிறது. என்னைக் கேட்டால், வேலை பாதியில் நிற்கிறது. குழந்தை பெயரில் அம்மா வந்துவிட்டாள். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்து, நாளைக்கு வழக்கப்படி பெயரை மாற்றிக்கொண்டால், அம்மா அப்பா இரண்டு பேருமே அவள் பெயரிலிருந்து போய்விடுவார்கள். சரி, அதற்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. இப்போதைக்கு அந்தக் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரைப் பூர்த்தி செய்யும்போது, வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதாமல் அம்மாவின் ஆதாரில் உள்ள பெயரையே எழுதிவிடுங்கள்.