கவுனை மறுபடி வரைந்தால் பூக்கள் ஏன் நகர்கின்றன?

கேட்டது ஒரே ஒரு மாற்றம்தான். கட்டை அச்சுப் பூக்கள் போட்ட ஒரு கவுனின் படம். அரைக்கையை முழங்கைக்குக் கீழே வரை நீட்ட வேண்டும். படம் வரையும் ஏஐ மென்பொருளில் கவுன் முழுவதையும் தேர்ந்தெடுத்து மறுபடி உருவாக்கச் சொன்னேன். கை அழகாக நீண்டது, துணியின் மடிப்பும் நிழலும் நன்றாகவே வந்தன. ஆனால் மார்பில் ஏழு வரிசையாக இருந்த பூக்கள் எட்டாகிவிட்டன. கையில் இருந்தவை சிறுத்துப்போயின. பாவாடையில் இரண்டு பூக்கள் ஒட்டிக்கொண்டு நிற்க, பக்கத்திலேயே ஒரு பூ போட இடம் காலியாகக் கிடந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. துணியோடு புழங்குபவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஏன் இப்படி ஆகிறது? இத்தகைய மென்பொருளுக்குள் இருந்து படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை ஏஐ மாடல்கள் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. முதலில் படத்தைச் சுருக்கிவிடுகின்றன: எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு சதுரம் உள்ளே ஒரே ஒரு கட்டமாகிறது. 1024 பிக்சல் உயரமுள்ள படம் உள்ளே 128 கட்டங்கள் மட்டுமே. அந்தப் படத்தில் 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர், மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, தலை முதல் கால் வரை நின்றால், ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 5 பிக்சல் கிடைக்கும். 2 செ.மீ. அகலப் பூ 10 பிக்சல்; அதாவது ஒரு கட்டமும் கொஞ்சமும். பூவுக்குப் பூ 4.4 செ.மீ. என்றால் 22 பிக்சல்; மூன்று கட்டங்கள்கூட இல்லை. இவ்வளவு குறைந்த இடத்தில் பூவின் இதழைக் காப்பாற்றுவதே சிரமம்.

ஆனால் சுருக்கம் மட்டும் காரணமல்ல. படத்தைப் பெரிதாக்கினால் இதழ்கள் தெளியும், இடைவெளி சரியாகாது. மாடலுக்கு ‘இந்தத் துணியில் 4.4 செ.மீ.க்கு ஒரு பூ’ என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. தாறுமாறான புள்ளிகளாலான இரைச்சலில் இருந்து படத்தைப் படிப்படியாகத் தெளிய வைக்கும்போது, ‘இந்த இடத்தில் பூப் போட்ட துணி இருந்தால் நம்பும்படி இருக்குமா’ என்பதை மட்டுமே அது பார்க்கிறது. பக்கத்துப் பூவோடு ஒத்துப்போகும், பத்துப் பூ தள்ளி இருப்பதோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பூவிலும் அரை மி.மீ. பிசகினாலும் பத்தாவது பூவில் அரை செ.மீ. ஆகிவிடும். எங்காவது இரண்டு பக்கமும் சந்திக்கும்போது பூ இடிக்கும், இல்லையென்றால் இடம் மிஞ்சும்.

எனவே பூவை மாடலிடம் விடக்கூடாது என்பதே என் முடிவு. கவுனை அது வரையட்டும். அச்சை நாம் போடுவோம். நிஜத்திலும் துணியும் அச்சும் வேறு வேறு வேலைகள்தானே.

அச்சை நாம் போடுவதாக இருந்தால் ‘சம இடைவெளி’ என்றால் என்ன என்பதை முதலில் சரியாகப் பிடிக்க வேண்டும். இடைவெளி சமமாக இருப்பது துணியில்தான், படத்தில் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் சம கட்டங்களை அப்படியே படத்தில் ஒட்டினால், உடம்பின் மேல் சுவர்க்காகிதம் ஒட்டியது போலிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். படத்தை இரட்டிப்பாக்கி, ஒரு செ.மீ.க்கு 10 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். உடல் பகுதியை 14 செ.மீ. ஆரமுள்ள உருளையாக எடுத்துக்கொண்டால், நடுவில் இருந்து ஓரம் வரை படத்தில் 140 பிக்சல். பூ இடைவெளி 4.4 செ.மீ., அதாவது உருளையைச் சுற்றி 18 டிகிரிக்கு ஒரு பூ. ஒரு பூ படத்தில் எங்கே தெரியும் என்பதை அதன் கோணத்தின் சைன் மதிப்பை 140ஆல் பெருக்கிக் காணலாம். நடுப்பூவில் இருந்து அடுத்தடுத்த பூக்கள் 43, 82, 113, 133, 140 என்ற இடங்களில் விழும். இடைவெளிகள் 43, 39, 31, 20, 7. கடைசிப் பூ விளிம்பில் கீற்றாகக்கூடத் தெரியாது. துணியில் ஐந்தும் ஒரே 4.4 செ.மீ.தான். நிஜ உடம்பு உருளையைவிடச் சற்றுத் தட்டை. ஆகவே நடுவில் இடைவெளி இன்னும் சமமாக இருந்து, ஓரத்தில் இன்னும் வேகமாகக் குறுகும். இடைவெளியோடு பூவின் அகலமும் சுருங்க வேண்டும், உயரம் மட்டும் அப்படியே இருக்கும்.

கையில் இதே கணக்கு வேறு விதமாக வெளிப்படும். 6 செ.மீ. ஆரமுள்ள கையில் 4.4 செ.மீ. என்பது 42 டிகிரி. முன்பக்கம் பார்த்தால் நடுவில் ஒரு பூ வரிசை, இருபுறமும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று, விளிம்பில் ஒரு கோடு. அவ்வளவுதான். மாடல் வரைந்த என் படத்தில் அங்கே ஐந்து வரிசை இருந்தது. அது கையை ஒரு சிறிய துணியாக நினைத்து, அதற்கேற்பப் பூவையும் சிறிதாக்கிவிட்டது. ஆனால் உடலும் கையும் ஒரே துணியில் இருந்து வெட்டப்பட்டவை. மெல்லிய கை என்பதற்காக அச்சுக்கட்டை சிறுப்பதில்லை.

சரி, வேலை எப்படி நடக்கிறது? முதலில் கவுனைப் பூவே இல்லாத வெளிர் துணியாக மறுபடி உருவாக்கச் சொல்கிறேன். கையை நீட்டுவது, மடிப்பைச் சரிசெய்வது எல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். பிறகு இடக்கை, வலக்கை, உடல், பாவாடை என்று நான்கு மாஸ்க் எடுக்கிறேன். தையல்காரர் வெட்டும் துண்டுகள்தான் என் மாஸ்க்குகள். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு வளைந்த வலையை வரைகிறேன்: நெடுக்குக் கோடு துணியின் நேர் இழையில் போகும், குறுக்குக் கோடு அதைச் சுற்றி வரும். இந்த வலையின் ஒவ்வொரு கட்டமும் துணியில் 4.4 செ.மீ. சதுரம் என்று அர்த்தம். கை மடங்கியிருந்தால் கையின் வலையும் அதோடு சாயும். மாடல் அடிக்கடி இதில் தவறும். உடலின் நேர் வரிசைகளையே தூக்கிய கையின் மேலும் கிடைமட்டமாக நீட்டிவிடும்.

அடுத்து, பழைய படத்தில் இருந்தோ தட்டையாக விரித்த துணியின் புகைப்படத்தில் இருந்தோ ஒரே ஒரு பூவை எடுத்து, நான்கு வலைகளிலும் நிரப்புகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஆனால் தொடக்கப் புள்ளி வேறு வேறு. தோள் தையலில் உடலின் பூவும் கையின் பூவும் பொருந்த வேண்டியதில்லை. சாதாரணமாகத் தைத்த உடையில் பொருந்தவும் செய்யாது. பொருந்தினால்தான் சந்தேகம் வரும். இன்னொன்று: வலக்கையைத் திருப்பிப் போட்டு இடக்கை செய்யாதீர்கள். மாங்காய் வடிவம் போல ஒரு பக்கம் வளைந்த அச்சாக இருந்தால், கண்ணாடி பிம்பமாகி எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும். அந்தத் துணியை அச்சிட்ட கட்டை அதுவல்ல.

நிழலுக்கு, வெளிர் துணியின் வெளிச்சத்தை அச்சின் மேல் பெருக்குகிறேன். படத்தொகுப்பில் ‘மல்டிப்ளை’ என்பார்களே, அதுதான். மடிப்புப் பள்ளத்தில் பூவும் தானாக இருளும்.

பாவாடைதான் பொறுமையைச் சோதிக்கும். 70 செ.மீ. இடுப்பில் 210 செ.மீ. துணியைச் சுருக்கித் தைத்திருந்தால், முன்பக்கம் 105 செ.மீ. துணி இருக்கிறது, அதில் 24 பூ வரிசைகள். கண்ணுக்குத் தெரியும் அகலமோ அதில் பாதிகூட இருக்காது. மீதி மடிப்புக்குள் போகிறது. ஆகவே மடிப்பின் விளிம்பில் பூக்கள் பாதியாக, கால்வாசியாக வெட்டுப்பட்டே தீர வேண்டும். மாடல் வரைந்த பாவாடையில் ஒரு பூகூட வெட்டுப்படவில்லை. ஒவ்வொன்றும் முழுசாக மடிப்பின் மேட்டில் உட்கார்ந்திருந்தது. பொய் அச்சைப் பிடிக்க இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியாது. வலையை மேட்டில் அகலமாகவும், பள்ளத்தின் ஓரத்தில் நெருக்கமாகவும் இழுத்துவிட்டால் வெட்டுகள் தானாக வரும். மடிப்பு நெடுக மேலிருந்து கீழாக அளந்தால் மட்டும் 4.4 செ.மீ. மாறாமல் வர வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்ததும், ‘லேசாக ஒருமுறை மாடலில் ஓட்டினால் இயல்பாகிவிடும்’ என்று ஒரு ஆசை வரும். அங்கேதான் நான் இரண்டு முறை வழுக்கினேன். மாடல் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `strength` அளவை 0.2 என்று வைத்தால், 30 படிகளில் 6 படிகள் மட்டுமே ஓடும். இடைவெளி பெரும்பாலும் தப்பிக்கும். 0.4ஐத் தாண்டியபோது என் பூக்களை அது தன் விருப்பத்துக்கு வரையத் தொடங்கிவிட்டது. 0.2 என்றாலும் படம் அந்த எட்டுக்கு எட்டுச் சுருக்கத்துக்குள் போய்த்தான் வெளியே வருகிறது, சிறிய பூவின் நரம்புகள் குழையும். மாடலின் வேலையை அச்சுக்கு முன்னால் முடித்துவிடுவதே நல்லது.

சரி பார்க்கக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வலையை எதிர்த்திசையில் பயன்படுத்தி ஒவ்வொரு துண்டையும் தட்டையாக விரித்து, கறுப்பு வெள்ளையாக்கி, அந்தப் படத்தை அதன் மேலேயே நகர்த்திப் பார்க்கலாம். எத்தனை பிக்சல் நகர்த்தும்போது பூ பூவின் மேல் உட்காருகிறதோ, அதுதான் இடைவெளி.

```python
import numpy as np
g = panel - panel.mean()
ac = np.fft.ifft2(np.abs(np.fft.fft2(g))**2).real
print(20 + ac[0, 20:80].argmax())
```

இதில் `panel` என்பது அப்படி விரித்துக் கறுப்பு வெள்ளையாக்கிய ஒரு துண்டு. குறுக்குவாக்கில் 20 முதல் 80 பிக்சல் வரை தேடுகிறது. நம் கணக்கில் நான்கு துண்டுகளுக்கும் 44 வர வேண்டும். மாடல் தானே வரைந்த முதல் படத்தில் உடலுக்கு 39, கைக்கு 27 வந்தது. பாவாடையில் நம்பும்படியான உச்சமே இல்லை.

எல்லாம் 44 வந்த பிறகும் அந்தப் படம் கட்டை அச்சு போல இல்லை, இயந்திர அச்சு போல இருந்தது. கையால் அச்சிடும்போது சிறு பிசகு இருக்கும் என்று ஒவ்வொரு பூவையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன், சிதறியது போலாயிற்று. பிறகுதான் உறைத்தது. கட்டை ஒன்றில் ஒன்பது பூக்கள் இருந்தால், ஒன்பதும் சேர்ந்தேதான் பிசகும். பிசகு பூவுக்கு இல்லை, கட்டை ஒருமுறை வைக்கப்படுவதற்கு. மூன்றுக்கு மூன்று பூக்களை ஒரு தொகுதியாக்கி, தொகுதிக்கு 1 மி.மீ. நகர்வும், அரை டிகிரிக்குள் திருப்பமும் கொடுத்தேன். மூன்று பூவுக்கு ஒருமுறை மெல்லிய இணைப்புக் கோடு தெரிய ஆரம்பித்தது.

முழங்கை மடிப்பின் உட்பக்கம் மட்டும் இன்னும் கைவேலைதான். அங்கே துணி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதால், வலைக் கோடுகள் ஒன்றையொன்று கடந்து, பூ நசுங்கிய கோடாகிவிடும். அந்த இடத்தை மேல்கை, கீழ்கை என்று இரண்டு வலையாகப் பிரித்து, ஒன்றின் ஓரத்தை மற்றொன்றுக்கு அடியில் செருகிவிடுகிறேன்.